பாம்புக் கடிக்கு மூன்று சொட்டு: குடும்பக் குறூப்பில் வந்த ஸ்கிரீன்ஷொட் பற்றிய கேள்விகள்

பெரியப்பா குடும்பக் குறூப்பில ஒரு ஸ்கிரீன்ஷொட் போட்டிருக்கிறார். பாம்பு கடிச்சா "NAJA 200" எண்ட ஹோமியோபதி மருந்து மூண்டு சொட்டு காணுமாம், ஊசி தேவையில்லையாம். உண்மையோ?

இல்லை. பாம்பு விஷத்துக்கு இருக்கும் ஒரே மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்றும் விஷமுறிவு மருந்துதான்.

ஆனால் பெரியப்பாவுக்கு அவசரப்பட்டு "பொய்" என்று ஒரு சொல்லில் பதில் போட வேண்டாம். அந்தப் படத்துக்குள் இருப்பது ஒரு செய்தி அல்ல, ஆறேழு செய்திகள். பதற்றப்படாதே, கடிபட்டவரை ஓடவிடாதே என்பதும் அதற்குள் இருக்கிறது. அது சரியான புத்திமதி. மூன்று சொட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை என்பது பிழை. கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டு, பிளேட்டால் கீறு என்பது ஆபத்து. சாகிறவர்களில் பெரும்பாலானோர் பயத்தால்தான் சாகிறார்கள் என்பதும் பிழை. கடைசியில் விலை பத்து ரூபா என்றும் அவசரத்துக்கு 108ஐ அழைக்கவும் என்றும் முடிகிறது. ஒரு கொப்பித் தாளில் இவற்றைத் தனித்தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இதை ஒருவர் நம்பி நடந்தால் என்ன கெடும் என்று எழுதுங்கள். விலையை நம்பினால் ஒன்றும் கெடாது. ஊசி தேவையில்லை என்பதை நம்பினால் ஆள் போய்விடும். குறூப்பில் திருத்த வேண்டியது அந்த இரண்டாவது வகையை மட்டும்தான்.

இது எங்க இருந்து வந்தது எண்டு கண்டுபிடிக்கேலுமோ? படத்தில திகதியும் இல்லை, அனுப்பின ஆளின்ர பேரும் இல்லை.

முதல் ஆளைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நடக்காது. எங்கிருந்து, எப்போது என்பது ஓரளவுக்குத் தெரியவரும்.

படத்தின் உள்ளேயே ஒரு தடயம் கிடக்கிறது. 108 இந்தியாவின் அம்புலன்ஸ் இலக்கம். இலங்கையில் எங்களுக்கு 1990, சுவசெரிய. பத்து ரூபாவும் அப்படித்தான். இங்கே இன்றைக்குப் பத்து ரூபாவுக்கு எந்தக் குப்பியும் வாங்க முடியாது. ஆக, இது இந்தியாவில் எழுதப்பட்டு, அதுவும் பல வருடங்களுக்கு முன் எழுதப்பட்டு, அந்த இலக்கமும் விலையும்கூட மாறாமல் முல்லைத்தீவுக்கு வந்திருக்கிறது.

அடுத்தது கூகுள் லென்ஸ். படத்தை அதில் திறந்தால் எழுத்தைப் பிரித்துத் தரும். அதில் யாரும் வழக்கமாக எழுதாத ஒரு வரியைத் தேர்ந்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். "பாம்பு கடித்தால்" என்று தேடினால் ஊர்ப்பட்ட பக்கங்கள் வரும். கீழே உள்ளதுபோல மருந்தின் பெயரைச் சேர்த்தால் அதே செய்தியின் பழைய பிரதிகள் மேலே வரத் தொடங்கும்:

```
"NAJA 200" பாம்பு கடி
```

பழைய பிரதிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒன்றில் இருக்கும் டொக்டர் பெயர் இன்னொன்றில் இராது, எண்கள் மாறும், "பகிரவும்" என்பது மட்டும் மாறாது. பேஸ்புக்கில் வந்த மிகப் பழைய பிரதியின் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். "இது புதுசா வந்த செய்தி இல்லை, இத்தனையாம் ஆண்டிலேயே சுத்தின செய்தி" என்ற ஒரு வரி பின்னால் நல்லாக உதவும்.

வட்ஸ்அப்பில பலமுறை அனுப்பின செய்திக்கு இரட்டை அம்புக்குறி வருமே. இதுக்கு வரேல்லை. அப்ப இது பெரியப்பாவுக்குத் தெரிஞ்ச ஆக்கள் எழுதினதோ?

அந்தக் குறி செய்தியோடு ஒட்டிக்கொண்டு போவது. ஒருவர் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் படமாக அனுப்பினால் வட்ஸ்அப்புக்கு அது புதிய படம்; கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு குறூப்புக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற கட்டுப்பாடும் அதோடு கழன்றுவிடும். குறி இல்லாததால் ஒன்றும் உறுதியாவதில்லை. படத்தின் உள்ளே, அந்தச் செய்திக்கு மேலே பாருங்கள். சிலவேளை ஸ்கிரீன்ஷொட் எடுத்த போனில் தெரிந்த இரட்டை அம்பு அங்கே பதிந்துகிடக்கும்.

விஷத்தை விஷத்தாலதான் முறிக்கிறது, ஊசியும் அப்பிடித்தானே எண்டு சித்தப்பா கேக்கிறார். என்ன சொல்ல?

சித்தப்பா நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். இந்தச் செய்தி நம்பும்படி இருப்பதற்குக் காரணமே அதுதான்.

விஷமுறிவு மருந்து செய்யும்போது குதிரைக்குச் சிறிது சிறிதாகப் பாம்பு விஷத்தை ஏற்றுவார்கள். குதிரையின் உடல் அந்த விஷத்தைப் பிடித்து அடக்கும் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கும். குதிரையின் இரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்துச் சுத்தப்படுத்துவதுதான் மருந்து. நோயாளிக்கு ஏறுவது விஷம் அல்ல, விஷத்தைப் பிடிக்கும் பொருள். இலங்கையில் நீண்டகாலமாகப் பயன்படுவது இந்தியாவிலிருந்து வரும் மருந்து. அது நாகம், கட்டு விரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் எதிராகச் செய்யப்பட்டது.

"NAJA 200" வேறு வகை. நாஜா என்பது நாகத்தின் அறிவியல் பெயர். 200 என்றால் நாக விஷத்தை நூறில் ஒரு பங்காகக் கரைத்து, அதை மறுபடி நூறில் ஒரு பங்காகக் கரைத்து, இப்படி இருநூறு தடவை செய்தது என்று பொருள். பன்னிரண்டு தடவையைத் தாண்டும்போதே தொடக்கத்தில் போட்ட விஷத்தின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சுமா என்பது சந்தேகம். இருநூறாவது தடவையில் குப்பியில் இருப்பது கரைக்கப் பயன்பட்ட மதுசாரமும் தண்ணீரும்தான். அதை ஒரு பேச்சுக்கு மருந்து என்றே வைத்துக்கொண்டாலும், அது நாகத்தின் பெயரில் செய்தது. வயலில் கடிப்பது கண்ணாடிப் புடையனாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்தச் செய்தியிலேயே பதில் இல்லை.

குறூப்பில் இதை விளக்கும்போது ஹோமியோபதி முழுவதையும் இழுக்க வேண்டாம். மாமி ஒருவர் தலையிடிக்கு அதைத்தான் எடுக்கிறவராக இருப்பார். பேச்சு அங்கே திரும்பினால் பாம்பை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

"பயத்தாலதான் சாகிறது" எண்டது எனக்கும் சரிபோலத்தான் கிடக்கு. அதில என்ன பிழை?

பயம் நெஞ்சு படபடப்பைத் தரும், வியர்வையைத் தரும், மயக்கத்தைக்கூடத் தரும். இரத்தம் உறையாமல் போவதற்குப் பயம் காரணமாகாது.

ஆஸ்பத்திரியில் பாம்புக் கடி என்று போனால் முதலில் செய்யும் பரிசோதனைகளில் ஒன்று மிக எளிமையானது. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலீற்றர் அளவு இரத்தத்தை எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைப்பார்கள். பிறகு குழாயைச் சரித்துப் பார்ப்பார்கள். நல்ல உடம்பின் இரத்தம் அதற்குள் கட்டியாகிவிடும். கண்ணாடிப் புடையனின் விஷம் ஏறியிருந்தால் தண்ணீர்போல ஓடும். உறைவதற்குத் தேவையான பொருட்களை விஷம் தின்று தீர்த்திருக்கும். அதே விஷம் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பிளேட்டால் கீறு என்ற வரி எவ்வளவு மோசமானது என்பதும் இந்தக் குழாயிலேயே தெரியும். இரத்தம் உறையாத ஒருவரின் காலைக் கீறினால் அந்தக் காயத்திலிருந்து இரத்தம் நிற்காது. வெளியே வருவது இரத்தம்தான், விஷம் அல்ல. இறுக்கிக் கட்டுவதும் கெடுதல். இரத்த ஓட்டம் நின்று அந்தக் கை, கால் அழுகும் அளவுக்குப் போகலாம். யாரோ ஏற்கெனவே இறுக்கிக் கட்டிவிட்டார்கள் என்றால் வழியில் சட்டென்று அவிழ்க்காமல் ஆஸ்பத்திரியில் அவர்களைக் கொண்டே அவிழ்க்க விடுங்கள்.

கட்டு விரியன் இதற்கு நேர்மாறு. இரவில் தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் இல்லாததால் பலர் எழும்பவே மாட்டார்கள். விடியும்போது வயிற்று வலி, கண் இமை கீழே விழுதல், விழுங்கக் கஷ்டம், பிறகு மூச்சு. என்ன கடித்தது என்றே தெரியாத ஒருவர் அந்தப் பயத்தால் எப்படிச் சாவார்?

ஆனா எங்கட அம்மப்பாவைப் பாம்பு கடிச்சு, பரியாரியார் ஏதோ சாறு குடுத்து, ஆள் எழும்பி நடந்தவர். அதை நான் கண்ணால கண்டனான். அதுக்கு என்ன சொல்லுவியள்?

கண்டது உண்மை. அம்மப்பா பிழைத்ததும் உண்மை. சாறுதான் காப்பாற்றியது என்பதை மட்டும் அந்தக் காட்சியை வைத்துச் சொல்ல முடியாது.

இலங்கை முழுவதும் வீடு வீடாகப் போய் நடத்தி 2016இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. அதன்படி ஒரு வருடத்தில் பாம்புக் கடிகள் ஏறக்குறைய 80,000. அவற்றில் விஷம் ஏறியதற்கான அறிகுறி வந்தவை ஏறக்குறைய 30,000. இறந்தவர்கள் 464 பேர் என மதிப்பிட்டார்கள். இதை ஊர்க்கணக்காக்கிப் பாருங்கள். எட்டுப் பேரைப் பாம்பு கடித்தால் ஐந்து பேருக்கு விஷம் ஏறுவதில்லை. கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கலாம், அல்லது விஷப் பாம்பே விஷத்தை இறக்காமல் கடித்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த எட்டுப் பேருக்கும் மூன்று சொட்டுக் கொடுத்தால் ஐந்து பேர் "நான் பிழைச்சது இந்த மருந்தாலதான்" என்று சத்தியம் செய்வார்கள். பச்சைத் தண்ணீர் கொடுத்திருந்தாலும் செய்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மற்ற மூன்று பேரில் ஒருவர் தப்பாமல் போனால் அவருக்குச் சாட்சி சொல்ல வாய் இல்லை.

என்னைக் கேட்டால், இந்தச் செய்தி இத்தனை வருடம் சாகாமல் உலாவுவதற்கு இதுதான் முதற் காரணம். இதை எழுதியவர்களும்கூட நேர்மையாகவே நம்பியிருக்கலாம்.

அம்மப்பாவின் கதையைக் குறூப்பில் மறுக்கப் போகாதீர்கள். "அம்மப்பாவுக்கு அண்டைக்கு விஷம் ஏறேல்லைப் போல, கடவுள் காப்பாத்தினவர்" என்று சொன்னால் யாருடைய மனமும் நோகாது, சொன்னதும் சரியாக இருக்கும்.

படத்தில ஒரு டொக்டரின்ர பேர் போட்டிருக்கு. அதைப் பார்க்கத் தேவையில்லையோ?

பார்க்கலாம், ஆனால் அதில் நிறைய நேரம் போடாதீர்கள். இலங்கை டொக்டர் என்றால் மருத்துவச் சபையின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். பெயர் அங்கே இருந்தாலும், அவர்தான் இதை எழுதினார் என்று ஆகாது. யாருடைய பெயரையும் யாரும் ஒட்டலாம். சொன்ன விஷயத்தைச் சோதிப்பதுதான் பயன்.

அதற்கு எங்கே போவது என்றால், இலங்கை மருத்துவச் சங்கம் பாம்புக் கடிச் சிகிச்சைக்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கான வழிகாட்டி 2016இல் புதுப்பிக்கப்பட்டது. இரண்டும் இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கொண்டுபோ என்பதில் ஒத்துப்போகின்றன. இதைவிடக் கிட்டவும் ஒரு வழி உண்டு: உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் தாதி ஒருவரைக் கேட்டு, அவர் சொன்னதாகவே போடுங்கள். எங்கள் பக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் இருக்கும் ஜெனீவாவை விட மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கு மதிப்புக் கூட.

சரி, இப்ப குறூப்பில என்ன எழுதுறது? பெரியப்பா மனம் நோகக் கூடாது.

முதலில் பெரியப்பாவுக்கு ஒரு கோல் எடுங்கள். குறூப்பில் எழுத முன்னம், அவர் அதை மற்றவர்கள் வாயால் கேட்க முன்னம். "பெரியப்பா, நீங்கள் போட்டது நல்ல நினைப்பிலதான். அதில ஒரு விஷயம் ஆபத்தாக் கிடக்கு, நான் விசாரிச்சனான். நீங்களே ஒரு வரி போட்டு விடுறியளோ, இல்லாட்டி நான் போடட்டோ?" என்று கேளுங்கள். அவரே போட்டால் அதைவிட நல்லது இல்லை; பெரியவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். கோல் எடுபடவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அறுவடைக் காலம் என்றால் அன்றைக்கே போடுங்கள்.

முதலில் கைக்கு வரும் செய்தி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

> "இது பொய்ச் செய்தி. தயவுசெய்து விசாரிக்காமல் எதையும் பகிர வேண்டாம். 200 என்ற ஹோமியோபதி வீரியத்தில் மருந்து மூலக்கூறே இல்லை. கீழே உள்ள நான்கு இணைப்புகளையும் வாசிக்கவும்."

எல்லாம் சரி. ஆனால் இரண்டாவது வசனம் பெரியப்பாவின் கன்னத்தில் விழுகிறது. இணைப்பை யாரும் திறக்கப் போவதில்லை. எல்லாவற்றையும் விட, இதை வாசித்த ஒருவருக்கு நாளைக்குப் பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று தெரியாது. ஒன்றைப் பறித்துவிட்டு இன்னொன்றைக் கையில் கொடுக்கவில்லை.

இப்படி எழுதிப் பாருங்கள்:

> "எல்லாருக்கும் வணக்கம். பாம்புக் கடி பற்றி வந்த செய்தியைப் பார்த்து நானும் விசாரிச்சனான். பதற்றப்படக் கூடாது எண்டு அதில சொன்னது நல்ல விஷயம். ஆனா பாம்பு கடிச்சா உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேணும், விஷத்துக்கு மருந்து அங்கதான் இருக்கு. 1990க்கு அடியுங்கோ, இல்லாட்டி கிடைக்கிற வாகனத்தில கொண்டுபோங்கோ. மோதிரம், காப்பு, மணிக்கூட்டைக் கழட்டி, கடிபட்ட கையை காலை ஆட்டாமல் வச்சிருங்கோ. கட்டுறது, கீறுறது, உறிஞ்சுறது வேண்டாம். வலி இல்லாட்டியும் போகவேணும். அந்தச் செய்தி இந்தியாவில பழைய காலத்தில எழுதினது, 108 இங்க வேலை செய்யாது. வயலுக்குப் போற எங்கட ஆக்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கோ."

மருந்தின் பெயரை இதில் வேண்டுமென்றே எழுதவில்லை. பெயரைத் திரும்பச் சொன்னால் மனதில் பதிவது பெயர்தான். பெரியப்பாவின் பெயரும் இல்லை. அந்த ஸ்கிரீன்ஷொட்டின் மேல் சிவப்புக் கோடு போட்டு மறுபடி அனுப்புவதையும் தவிர்த்துவிடுங்கள். யாராவது கோட்டை வெட்டிவிட்டு அனுப்புவார்கள், அல்லது கோட்டைக் கவனிக்கவே மாட்டார்கள்.

அம்மம்மா, பெரியம்மா ஆக்கள் எழுத்து வாசிக்கிறேல்லை. படத்தை மட்டும் பாப்பினம்.

குரல் செய்தி. ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். முதல் வசனமே "பாம்பு கடிச்சா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்" என்று இருக்கட்டும், ஏனென்றால் பாதியில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள்.

கனடாவில இருக்கிற மாமா "அரசாங்க ஆஸ்பத்திரியில ஊசி இராது, அதுக்கிடையில இதைக் குடுத்தா என்ன குறை" எண்டு எழுதியிருக்கிறார்.

இதுதான் மிகவும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, ஏனென்றால் இதில் பாதி நியாயம் இருக்கிறது. சிறிய ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் எல்லா வசதியும் இராது. ஆனால் அங்கே மூச்சைப் பார்ப்பார்கள், சேலைன் ஏற்றுவார்கள், தேவையென்றால் அம்புலன்ஸில் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வவுனியாவுக்கோ மாற்றுவார்கள். அந்த ஓட்டத்தின் மணித்தியாலக் கணக்குக் கடித்த நிமிடத்திலிருந்தே ஓடத் தொடங்குகிறது.

குறை எங்கே என்றால், அந்தச் செய்தி சொன்னபடி மூன்று தடவை கொடுத்து முடியவே இருபது நிமிடம் போகும். பிறகு "இப்ப எப்பிடி இருக்கு" என்று பார்த்துக்கொண்டு இருப்பார்கள். விஷம் ஏறாதவருக்கு ஒன்றும் இராது. கட்டு விரியன் கடித்தவருக்கும் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. இருவருமே "சுகமாக்கிடக்கு" என்பார்கள். இரண்டாமவர் விடியற்காலையில் மூச்செடுக்கக் கஷ்டப்படும்போது ஒட்டுசுட்டானில் ஒரு ஓட்டோவைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும். மாமாவுக்கு இதைத் தனியாக எழுதுங்கள். அவர் தூரத்தில் இருந்து பயப்படுகிறார். குறூப்பில் வைத்துத் திருத்தினால் பிடிவாதம்தான் கூடும். கூடவே ஒரு வேலையும் கொடுத்துவிடுங்கள்: அங்குள்ள உறவுகளின் மற்றக் குறூப்புகளில் உங்கள் திருத்தத்தைப் போடச் சொல்லுங்கள். அநேகமாக அந்தப் படம் அங்கே சுற்றித்தான் இங்கே வந்திருக்கும்.

பெரியப்பாவே அழிக்கலாம் எண்டு சொல்லிட்டார். அழிச்சாக் காணுமோ?

அனுப்பி இரண்டரை நாளுக்குள் என்றால் எல்லாருக்கும் சேர்த்து அழிக்கலாம். அதற்குப் பிறகு குறூப்பின் அட்மின்தான் அழிக்க வேண்டும். அழித்தாலும் பார்த்தவர்கள் பார்த்ததுதான், சிலருடைய போனில் படம் இறங்கியும் இருக்கும். அதனால் திருத்தத்தைப் போட்ட பிறகு அழியுங்கள். முதலில் அழித்தால் "என்ன போட்டவர், ஏன் அழிச்சவர்" என்ற விசாரணையில் ஒரு பின்னேரம் போய்விடும்.

அடுத்த மாரிக்கு இதே படம் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் எழுதுறதோ?

வரும். காலபோகத்தில் வயல் வேலை தொடங்கும்போது பாம்புச் செய்தியும் கூடவே கிளம்பும். எழுதிய திருத்தத்துக்கு நட்சத்திரக் குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது எடுத்து அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் 1990 இலக்கம் மாறவில்லையா, பக்கத்து ஆஸ்பத்திரியில் இரவில் டொக்டர் நிற்கிறாரா என்பதை மட்டும் ஒருக்கால் விசாரித்துக்கொள்ளுங்கள்.